இல்லக் கணக்கு: ஊர் வீட்டு வாடகையில் வரிக்குரியது எவ்வளவு?

2025ஆம் ஆண்டு ஜூலை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், நாகபுரியில் நமக்கு அண்டையில் வசிக்கும் அன்பர் ஒருவர் தம் துணைவியாருடன் நம் இல்லத்துக்கு வந்தார். கையில் ஒரு தாள். முகத்தில் சற்றுக் கடுமை. அம்மையாரோ வாய் திறவாமல் வந்து அமர்ந்தார். ஏதோ குடும்ப வழக்கு நம் திண்ணைக்கு வந்திருக்கிறது என்று நாம் கருதினோம். வந்தது வருமான வரிக் கணக்கு. ஆயினும் நாம் கருதியதும் முற்றிலும் தவறன்று.

அன்பருக்குத் திருச்சிராப்பள்ளி மாநகராட்சி எல்லைக்குள் சொந்த வீடு ஒன்று உண்டு. அவர் பெயரிலேயே பத்திரமும் வீட்டு வரிப் பதிவும் உள்ளன. கடன் எதுவும் இல்லை. மாத வாடகை 12,000 ரூபாய். வாடகையை வசூலித்து, வீட்டைப் பார்த்துக்கொண்டு, செலவு போக மிஞ்சியதை அனுப்பி வைப்பவர் அவருடைய மைத்துனர், அதாவது அம்மையாரின் தம்பி. 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் முடியவுள்ள ஆண்டில் அன்பரின் பாங்குக் கணக்கில் வந்து சேர்ந்தது 1,16,100 ரூபாய். அந்தத் தொகையையே வாடகை வருமானம் என்று தாளில் எழுதியிருந்தார்.

இதற்கிடையில் குடியிருப்பவரிடமிருந்து ஒரு செய்தி வந்தது. அவர் சம்பளக்காரர், தம் அலுவலகத்தில் வீட்டு வாடகைப்படிக்கு வரிவிலக்குக் கோருபவர். ஆண்டு வாடகை ஒரு லட்சம் ரூபாய்க்கு மேற்பட்டால் வீட்டுக்காரரின் பான் எண்ணை அலுவலகத்தில் கொடுக்கவேண்டும் என்பது விதி. அவர் அந்த எண்ணைக் கொடுத்திருந்தார்; கூடவே தாம் செலுத்திய வாடகை 1,44,000 ரூபாய் என்றும் எழுதிக் கொடுத்திருந்தார். அதன் நகலை மரியாதைக்காக அன்பருக்கும் அனுப்பினார். ஒன்று 1,44,000, மற்றொன்று 1,16,100. இடையே 27,900 ரூபாய் எங்கே போயிற்று என்பதே அன்பரின் கேள்வி.

மைத்துனர் கணக்கு அனுப்பியிருந்தார். சுவருக்கு வெள்ளையும் வர்ணமும் அடித்ததற்கு 18,000. தண்ணீர் மோட்டார் பழுது பார்த்ததற்கு 4,500. வீட்டு வரி 5,400. கூட்டினால் 27,900 சரியாக வருகிறது. ஆனால் அன்பருக்கு அந்த மூன்றாவது தொகையில் ஐயம் எழுந்தது.

"தம்பி, அரையாண்டுக்கு 1,800, ஆண்டுக்கு 3,600. எனக்குத் தெரியாதா? 5,400 எப்படி வரும்?" என்றார் அவர்.

"என் தம்பி ஆயிரத்து எண்ணூறு ரூபாய்க்குப் பொய் சொல்லுகிறவன் அல்லன்," என்று அம்மையார் அப்போதுதான் வாய் திறந்தார்.

"அம்மா, பொய்யா மெய்யா என்பதை நாம் பேசித் தீர்க்கவேண்டாம். ரசீதுகளை அனுப்பச் சொல்லுங்கள். ஐயாவின் வரிக்கணக்குக்கும் அவை வேண்டும்," என்றோம் நாம்.

அம்மையார் அங்கிருந்தபடியே தொலைபேசியில் கூப்பிட்டார். கால் மணி நேரத்தில் மூன்று ரசீதுகளின் படங்கள் வந்தன. அவற்றைக் கொண்டே முழுக் கணக்கையும் போட்டோம். நாம் பேரேடு எழுதும் ரயில்வே குமாஸ்தாவே அன்றிப் பட்டயக் கணக்கர் அல்லோம். எனினும் இக்கணக்குக்கு வேண்டுவன நான்கு வரிகளே. நேயர்களும் பென்சிலும் தாளும் எடுத்துக்கொண்டால் உடன் போட்டுவிடலாம்.

முதல் வரி, முழு வாடகை. வரிச்சட்டம் நம் பாங்குக்கு வந்த பணத்தைக் கேட்பதில்லை. அந்த வீடு அந்த ஆண்டில் ஈட்டிய வாடகையைக் கேட்கிறது. வாடகையை யார் கையில் வாங்கினாலும், அதிலிருந்து யார் எதற்குச் செலவு செய்தாலும், அது வீட்டுச் சொந்தக்காரரின் வாடகையே. ஆகவே முதல் வரியில் 12,000 ரூபாயைப் பன்னிரண்டால் பெருக்கி வரும் 1,44,000 எழுதவேண்டும். குடிவரும்போது வாங்கிய முன்பணம் திருப்பிக் கொடுக்கவேண்டிய தொகையாதலால், அது இதில் சேராது.

இரண்டாம் வரி, வீட்டு வரி. நகராட்சிக்கோ மாநகராட்சிக்கோ செலுத்திய வரியை முழு வாடகையிலிருந்து கழிக்கலாம். இதற்கு நிபந்தனைகள் இரண்டு. வரியின் பாரம் சொந்தக்காரரைச் சேர்ந்ததாக இருக்கவேண்டும். அன்றியும், அது அந்த ஆண்டுக்குள் மெய்யாகவே செலுத்தப்பட்டிருக்கவேண்டும். எந்தக் காலத்துக்குரிய வரி என்பது இங்கே கேள்வியன்று. எந்தத் தேதியில் செலுத்தப்பட்டது என்பதே கேள்வி.

இப்போது ரசீதுகளைப் பார்த்தோம். தமிழ்நாட்டில் வீட்டு வரி அரையாண்டுக் கணக்கில் வசூலாகிறது. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒன்று, அக்டோபர் முதல் மார்ச் வரை மற்றொன்று. மைத்துனரின் இரண்டாவது ரசீது 2024 ஜூலையிலும் மூன்றாவது அதே ஆண்டு டிசம்பரிலும் செலுத்தியவை. அவ்விரண்டும் நடப்பு ஆண்டின் இரு அரையாண்டுகளுக்கு உரியவை. முதலாவது ரசீது 2024 மே மாதத்தது. அது 2023 அக்டோபர் முதல் 2024 மார்ச் வரைக்கும் உரிய பாக்கி. அந்த அரையாண்டில் கட்ட மறந்துபோய், பின்னர் நினைவு வந்து கட்டியிருக்கிறார். மூன்று ஆயிரத்து எண்ணூறுகள் சேர்ந்தால் 5,400. ஐயம் தீர்ந்தது.

"அப்படியானால் அந்தப் பழைய பாக்கியைக் கழிக்கமுடியாதே? அது சென்ற ஆண்டு வரி அல்லவா?" என்று அன்பர் அடுத்த கேள்வியைத் தொடுத்தார்.

கழிக்கலாம். பாக்கி 2024 மே மாதத்தில் செலுத்தப்பட்டிருப்பதால் 2024-25ஆம் ஆண்டின் கணக்கிலேயே கழியும். மாறாக, அதை முந்தைய ஆண்டின் கணக்கில் அன்பர் 'வழக்கமான 3,600' என்று குத்துமதிப்பாகக் கழித்திருந்தால் அதுதான் பிழை. நல்லவேளையாக அவர் அவ்வாண்டில் ரசீதைப் பார்த்தே 1,800 மட்டும் கழித்திருந்தார். ஆகவே இரண்டாம் வரியில் 5,400 எழுதினோம். 1,44,000 ரூபாயில் 5,400 போக மீதி 1,38,600. இதற்கு வீட்டின் நிகர ஆண்டு மதிப்பு என்று பெயர்.

மூன்றாம் வரி, நிலையான கழிவு. நிகர ஆண்டு மதிப்பில் நூற்றுக்கு முப்பது கழியும். 1,38,600 ரூபாய்க்கு முப்பது சதவீதம் 41,580. நான்காம் வரி, மிச்சம். 1,38,600 ரூபாயில் 41,580 போனால் 97,020. இதுவே அன்பரின் சம்பளத்தோடு சேர்ந்து வரிக்கு உட்படும் வாடகை வருமானம்.

அன்பர் தம் தாளைப் பார்த்தார். "வர்ணம் அடித்ததும் மோட்டார் பழுதும் எங்கே? இருபத்திரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய் என் பணம் அல்லவா?"

அவருடைய பணம்தான். ஆனால் அந்தச் செலவுக்காகவே சட்டம் முப்பது சதவீதத்தை மொத்தமாகக் கொடுத்துவிட்டது. இது இப்படி அமைந்ததற்கு ஒரு வரலாறு உண்டு. 1961ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டம் தொடக்கத்தில் பழுதுபார்ப்புக்கென்று ஆறில் ஒரு பங்கு கொடுத்தது. காப்புறுதிப் பிரீமியம், தரைவாடகை, வாடகை வசூலிக்கும் செலவு என்பவற்றைத் தனித்தனியே கழிக்கவிட்டது. ஒவ்வொன்றுக்கும் ஓர் அளவு, ஒரு சான்று, ஒரு விவாதம். 2001ஆம் ஆண்டின் நிதிச் சட்டம் இச்சில்லறைக் கழிவுகளையெல்லாம் எடுத்துவிட்டு, அவற்றுக்கு ஈடாக முப்பது சதவீதம் என்ற ஒரே கழிவை 2002 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து வைத்தது. ஆகவே வர்ணமும், மோட்டாரும், தரகும், காப்புறுதியும், வசூலிப்பவருக்குக் கொடுக்கும் படியும் அந்த முப்பதுக்குள் அடங்கியவை. மீண்டும் கழித்தால் ஒரே செலவை இருமுறை கழித்தவர்கள் ஆவோம்.

இந்த ஏற்பாட்டுக்கு மறுபக்கமும் உண்டு. ஒரு ஆண்டில் வீட்டுக்கு ஒரு காசும் செலவு செய்யாதிருந்தாலும் முப்பது சதவீதம் முழுமையாகக் கிடைக்கும். ரசீது காட்டவேண்டியதில்லை. நம் ஆபீசில் ஒருவர், பழுது எதுவும் பார்க்காத ஆண்டில் இக்கழிவைக் கோருவது நேர்மையன்று என்று எண்ணி விட்டுவிட்டார். அன்பரின் கணக்கில் அப்படி விட்டிருந்தால், 41,580 ரூபாய் வீணே வரிக்கு உட்பட்டிருக்கும். வருமானத்தின் அப்பகுதிக்கு இருபது சதவீத வரியும் அதன்மேல் நான்கு சதவீத மேல்வரியும் செலுத்துபவராக இருப்பின் 8,649 ரூபாய் கையை விட்டுப் போயிருக்கும். சட்டம் கொடுத்ததை எடுத்துக்கொள்வதில் நேர்மைக் குறைவு எதுவும் இல்லை.

இனி அன்பரின் தாளில் இருந்த பிழையைச் சற்று விளக்கிச் சொல்லவேண்டும். ஏனெனில் இதே பிழையை ஊரிலிருந்து மிச்சப் பணம் பெறும் பல இல்லங்களில் நாம் கண்டிருக்கிறோம். வருமான வரிப் படிவத்தின் வீட்டுச் சொத்துப் பகுதியில் முதற்கட்டம் முழு வாடகை. அடுத்தது உள்ளூர் மன்றத்துக்குச் செலுத்திய வரி. இவ்விரண்டையும் நாம் எழுதினால் முப்பது சதவீதத்தைப் படிவமே போட்டுக்கொள்ளும். அன்பர் முதற்கட்டத்துக்கு 1,16,100 என்றும், அடுத்ததற்கு 5,400 என்றும் எழுதி வைத்திருந்தார். 1,16,100 என்பதிலோ வீட்டு வரி முன்பே கழிந்திருக்கிறது. மறுமுறை கழித்தால் 1,10,700. அதில் முப்பது சதவீதமான 33,210 போக 77,490. உண்மையான 97,020 ரூபாயைவிட 19,530 ரூபாய் குறைவு. வீட்டு வரி இருமுறை கழிந்தது. வர்ணமும் மோட்டாரும் இருமுறை கழிந்தன. அன்பர் ஒரு பைசாவையும் மறைக்க எண்ணவில்லை. ஆயினும் குடியிருப்பவர் கொடுத்த 1,44,000 ஒருபுறமும் அன்பரின் 1,16,100 மறுபுறமும் ஒரே பான் எண்ணின் கீழ் நின்றால், கேள்வி வருவது இயல்பே.

இப்பிழையைத் தாமே கண்டுகொள்ள எளிய வழி உண்டு. முதற்கட்டத்தில் எழுதிய தொகையை மாதங்களின் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். வாடகை ஆண்டு முழுதும் மாறாதிருந்தால் ஒப்பந்தத்திலுள்ள மாத வாடகை அப்படியே வரவேண்டும். 1,16,100 ரூபாயைப் பன்னிரண்டால் வகுத்தால் 9,675 வருகிறது. அந்த வீட்டுக்கு அப்படி ஒரு வாடகை என்றுமே இருந்ததில்லை. எனவே ஏதோ முன்பே கழிந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம்.

வரிசையை மாற்றினாலும் பிழை வரும். இதை நாமே ஒருமுறை செய்தோம் என்பதை ஒப்புக்கொள்கிறோம். முழு வாடகைக்கு முதலில் முப்பது சதவீதம் போட்டு, பிறகு வீட்டு வரியைக் கழித்தோம். அன்பரின் தொகைகளில் அப்படிச் செய்தால் 1,44,000 ரூபாயில் 43,200 போய், அப்புறம் 5,400 போய், 95,400 நிற்கும். சரியான தொகையைவிட 1,620 குறைவு. வீட்டு வரி முன்னே, முப்பது சதவீதம் பின்னே என்பதே முறை.

குடியிருப்பவரே வீட்டு வரியைக் கட்டிவிடுவதாக ஏற்பாடு இருக்கும் வீடுகளும் உள்ளன. அங்கே சொந்தக்காரர் வீட்டு வரியைக் கழிக்கக்கூடாது. அவர் அதைச் சுமக்கவில்லை. ரசீது சொந்தக்காரர் பெயரிலேயே அச்சாகி வருவதால் இதில் ஏமாந்துபோவது எளிது. பணம் யாருடைய பையிலிருந்து போயிற்று என்று கேட்டுக்கொள்ளவேண்டும். அவ்வாறே, கேட்பு வந்தும் மார்ச் 31க்குள் கட்டாத வரியும் அவ்வாண்டில் கழியாது. கட்டும் ஆண்டிலேதான் கழியும்.

அம்மையார் ஒன்று கேட்டார்: "இடையில் இரண்டு மாதம் ஆள் இல்லாமல் பூட்டிக் கிடந்தால்? அதற்கும் வாடகை வந்ததாகக் காட்டவேண்டுமா?"

வேண்டியதில்லை. வாடகைக்கு விட்ட வீடு இடையே காலியாகக் கிடந்து, அக்காரணத்தால் வாடகை குறைந்திருந்தால், மெய்யாக வந்ததும் வரவேண்டியதுமான வாடகையே கணக்கு. அன்பரின் வீடு இரண்டு மாதம் பூட்டியிருந்தால் முதல் வரியில் 1,20,000 எழுதலாம். ஆனால் குறைவுக்குக் காரணம் காலியாய்க் கிடந்ததாக இருக்கவேண்டும். உறவினர் என்பதற்காக 12,000 பெறுமான வீட்டை 5,000 ரூபாய்க்கு விட்டிருந்தால், அந்த ஐயாயிரத்தோடு கணக்கு நிற்காது. மாநகராட்சியின் மதிப்பீட்டையும் அக்கம்பக்கத்து வாடகையையும் கொண்டு, நியாயமாக எதிர்பார்க்கத்தக்க வாடகை எதுவோ அதைச் சட்டம் எடுத்துக்கொள்ளும். வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி நிர்ணயமான வாடகை இருந்தால் அதற்கு மேல் போகாது. தாட்சணியத்தால் விட்டுக்கொடுத்த வாடகைக்கும் வரி உண்டு என்பதை, உறவினருக்கு வீடு விடுவோர் முன்னமே அறிந்திருப்பது நல்லது.

சம்பளக்காரர்களுக்கு மற்றுமொரு குழப்பம் பெயரால் வருகிறது. சம்பள வருமானத்திலும் 'நிலையான கழிவு' என்ற ஒன்று உண்டு. அது வேறு, இது வேறு. அது சம்பளத்துக்கு வரையறுத்த ஒரு தொகை. இது வீட்டுக்கு நூற்றுக்கு முப்பது. ஒன்றை எடுத்துக்கொண்டால் மற்றது போய்விடும் என்பதில்லை. பழைய வரி முறையைத் தேர்ந்தாலும் புதிய முறையைத் தேர்ந்தாலும், வாடகை வீட்டுக்கு வீட்டு வரிக் கழிவும் இந்த முப்பதும் கிடைக்கும். 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 2025ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டத்தை 2026 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து அமல் செய்யும்படி நாடாளுமன்றம் இயற்றியது. அதில் பிரிவு எண்கள் மாறின; ஆயினும் வீட்டு வரி போக மீதியில் முப்பது என்ற முறை மாறவில்லை.

நாம் பேசி முடிப்பதற்குள் இருட்டிவிட்டது. அன்பர் பழைய தாளைக் கிழித்துவிட்டு, புதிய தாளில் 1,44,000; 5,400; 41,580; 97,020 என்று நான்கு தொகைகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக்கொண்டார். வாடகை ஒப்பந்தத்தின் நகலையும் மூன்று ரசீதுகளையும் அதனோடு சேர்த்து வைக்கச் சொன்னோம். பிறகு அவரே தொலைபேசியை எடுத்து மைத்துனரைக் கூப்பிட்டார்.

"மாப்பிள்ளை, ரசீதெல்லாம் பார்த்தேன். சரியாக இருக்கிறது. இனிமேல் ஒன்று செய்யுங்கள். வாடகை முழுவதையும் என் கணக்குக்கே அனுப்பிவிடுங்கள். செலவுக்கு வேண்டியதை நான் தனியே அனுப்புகிறேன். உங்களுக்கும் தொல்லை இல்லை, எனக்கும் குழப்பம் இல்லை," என்றார்.

மறுமுனையில் என்ன விடை வந்ததோ நமக்குக் கேட்கவில்லை. அம்மையார் மட்டும் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, காப்பி போடுவதற்கு நம் இல்லத்தாருக்கு உதவி செய்ய எழுந்து உள்ளே போனார்.

வீட்டுக் கடன் உள்ளவர்களுக்கு இந்த நான்கு வரிகளுக்கு அப்பால் வட்டி என்ற ஐந்தாம் வரியும் உண்டு. அதை அடுத்த இதழில் காண்போம்.